சிங்கப்பூரில் வேலையிடத்தில் காயம்பட்டால்: ஒரு தம்பிக்குப் பதில்

"அண்ணா, சிங்கப்பூர் வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. போன வாரம் சைட்டில் இரும்புத் தகடு விழுந்து ஆள்காட்டி விரல் நசுங்கிவிட்டது. கம்பெனி கிளினிக்கில் இரண்டு நாள் மருத்துவ விடுப்புக்கு எம்சி கொடுத்தார்கள். இழப்பீடு கேட்டால் பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அறையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். கேட்கலாமா? வேறு கம்பெனிக்கு மாற முடியுமா?"

தம்பி, கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அதற்கு முன் ஒன்றை நினைத்துப் பாருங்கள். விரல் எங்கே, எப்படி நசுங்கியது என்று டாக்டரிடம் நீங்களே சொன்னீர்களா, உடன் வந்த சூப்பர்வைசர் சொன்னாரா? உங்கள் வழக்கின் பாதி அந்தப் பதிவில்தான் இருக்கிறது.

நான் சிப்யார்டில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், என் அறையில் இருந்த அறந்தாங்கிக்காரர் ஒருவரின் கை குழாய்க்கும் தாங்கிக்கும் இடையில் மாட்டிக்கொண்டது. ஆம்புலன்ஸை அழைக்காமல் லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். தங்குமிடத்தின் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னால் சம்பளத்தில் குறை வைக்கமாட்டோம் என்று போர்மேன் வழியிலேயே சொல்லியிருக்கிறார். ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் தலைக்கு மேல் இருந்த அந்த மனிதர் அப்படியே சொன்னார். பிறகு விரல் மடங்காமல் போனதும் இழப்பீடு கேட்டபோது, அது வேலையிடத்தில் பட்ட காயமே இல்லை என்று மருத்துவமனைக் குறிப்பைக் காட்டி மறுத்தார்கள். உடன் வேலை பார்த்த ஒருவர் ரத்தத்தோடு கிடந்த கையுறையை அந்த இடத்திலேயே கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்ததும், அன்றைய நேர அட்டையில் அவர் பணியில் இருந்தது பதிவாகியிருந்ததும்தான் கடைசியில் அவரைக் காப்பாற்றின. இப்போது சேஃப்டி கோஆர்டினேட்டராக இருக்கும் நான், புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆகவே நாளைக்கே ஓர் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். டான் டோக் செங், கூ டெக் புவாட், இங் டெங் ஃபோங் ஆகியவற்றில் உங்களுக்கு அருகில் இருப்பது எதுவானாலும் சரி. கம்பெனி காட்டும் கிளினிக்குக்குத்தான் போகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆங்கிலம் வராது என்று தயங்காதீர்கள். தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று, தமிழ் தெரிந்த தாதி ஒருவரைக் கேளுங்கள். நாள், நேரம், இடம், செய்துகொண்டிருந்த வேலை ஆகியவற்றைச் சொல்லி, "வேலையிடத்தில் நடந்தது" என்று எழுதச் சொல்லுங்கள். எம்சி, ரசீது, சம்பளச் சீட்டு, இங்கே வருவதற்கு முன் வேலை அனுமதிக்காகக் கிடைத்த ஐபிஏ கடிதம் எல்லாவற்றையும் படம் எடுத்து ஊரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

இங்குள்ள வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில், முதலாளி தவறு செய்தார் என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாகக் காயம் பட்டது என்பதே போதும். உங்கள் கவனக்குறைவு என்று சூப்பர்வைசர் சொல்வதால் உரிமை போய்விடாது. உடலுழைப்பு வேலை செய்யும் எல்லாருக்கும் முதலாளி காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும். அதற்காக உங்கள் சம்பளத்தில் கைவைக்கக்கூடாது. எம்சியோ லைட் டியூட்டியோ கிடைத்த காயம் எதுவானாலும், தெரியவந்த 10 நாட்களுக்குள் அவர் மனிதவள அமைச்சுக்கு அறிவிக்கவேண்டும். அவர் அறிவிக்காவிட்டால், விபத்து நடந்த ஓராண்டுக்குள் நீங்களே அமைச்சிடம் கோரலாம்.

கிடைப்பது மூன்று வகை. மருத்துவச் செலவை முதலாளி ஏற்கவேண்டும். 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு அதன் வரம்பு 53,000 சிங்கப்பூர் வெள்ளி அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது. அடுத்தது விடுப்புச் சம்பளம்: வெளிநோயாளியாக முதல் 14 நாட்களுக்கும், மருத்துவமனை விடுப்பில் முதல் 60 நாட்களுக்கும் முழுச் சராசரி வருமானம், அதன்பின் ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. மூன்றாவது, காயம் நிரந்தரக் குறையாக நின்றுவிட்டால் கிடைக்கும் மொத்தத் தொகை. நம் ஆட்கள் "பாயிண்ட்" என்று சொல்வது இந்தக் குறையின் விழுக்காட்டைத்தான்.

பலர் ஏமாறுவது இந்தக் கணக்கில்தான். சராசரி மாத வருமானத்தை வயதுக்கான எண்ணால் பெருக்கி, விழுக்காட்டைப் போடுவார்கள். 40 வயது வரை அந்த எண் 181. உங்கள் அடிப்படைச் சம்பளம் 520 வெள்ளி, ஓவர்டைமோடு சராசரி 1,000 வெள்ளி, டாக்டர் கொடுத்தது 6 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 1,000-ஐ 181-ஆல் பெருக்கினால் 1,81,000. அதில் 6 விழுக்காடு 10,860 வெள்ளி. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் காட்டினால் பெருக்கல் 94,120-தான் வரும். சட்டம் குறைந்தபட்ச அடிப்படையாக 1,16,000 வைத்திருப்பதால், அதில் 6 விழுக்காடாக 6,960 வெள்ளி கிடைக்கும். வித்தியாசம் 3,900 வெள்ளி! ஓவர்டைம் இந்தச் சராசரியில் சேரவேண்டும் என்பது சட்டம். அதனால்தான் சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்தச் சொல்கிறேன். மதிப்பீட்டு அறிவிப்பு கைக்கு வந்ததும் தொகையை மட்டும் பார்க்காமல், எந்தச் சராசரியில் போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். தவறு இருந்தால் 14 நாட்களுக்குள் மறுப்புத் தெரிவிக்கவேண்டும். நாள் கடந்தால் அந்தத் தொகையே நிலைத்துவிடும்.

ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அறையில் சொல்பவர்களைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இல்லை. பத்தாண்டு இருந்தும் ஒரு கடிதத்தைப் படித்துப் பார்க்காதவர்கள்தான் புதிதாக வருபவனை இப்படிப் பயமுறுத்துகிறார்கள். நான் இரவில் அகராதியோடு உட்கார்ந்து அமைச்சின் கடிதங்களைப் படித்துப் பழகினேன். அது யாராலும் முடியும். முதலாளி பெர்மிட்டை ரத்து செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் ரத்தானாலும் உங்கள் கோரிக்கை ரத்தாகாது. கோரிக்கை முடியும்வரை தங்க அமைச்சு ஸ்பெஷல் பாஸ் கொடுக்கும். அதுவரை உணவுக்கும் தங்குமிடத்துக்கும் முதலாளியே பொறுப்பு. வற்புறுத்தி விமான நிலையத்துக்கு அழைத்துப் போனால், குடிநுழைவு அதிகாரியிடம் "காயத்துக்கான இழப்பீடு பாக்கி இருக்கிறது, நான் போக விரும்பவில்லை" என்று சொல்லுங்கள். ஸ்பெஷல் பாஸில் பொதுவாக வேலை செய்ய முடியாது, ஊருக்குப் பணம் அனுப்ப முடியாது, கஷ்டம் அங்கேதான். வீட்டில் இப்போதே சொல்லிவையுங்கள். டிடபிள்யூசி2 அமைப்பு வேலை இழந்த தொழிலாளர்களுக்காக லிட்டில் இந்தியாவில் இலவச உணவு கொடுத்துவந்திருக்கிறது. அவர்களிடமும், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் ஹோம் அமைப்பிடமும் ஆலோசனை கேட்கலாம்.

தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை உங்களைத் தேடிவந்து, வக்கீலிடம் கூட்டிப்போகிறேன், பெரிய தொகை வாங்கித் தருகிறேன் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். இழப்பீட்டுச் சட்டத்தின் வழியில் கேட்க வக்கீல் தேவையே இல்லை. நீதிமன்ற வழக்குப் போட்டால் முதலாளியின் தவற்றை நிரூபிக்கவேண்டும், செலவும் காலமும் கூடும், தோற்றால் ஒன்றும் கிடைக்காது. இரண்டு வழியிலும் வாங்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். முதலாளியின் குற்றம் வெளிப்படையாக இருந்து, காயமும் பெரிதாக இருந்தால் மட்டுமே அந்த வழியை யோசிக்கலாம். உங்கள் விரலுக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து.

கம்பெனி மாறுவது பற்றி இப்போது யோசிக்கவேண்டாம். முதலில் மருத்துவமனைக்குப் போங்கள், அடுத்து பெண்டமியர் ரோட்டில் இருக்கும் அமைச்சின் சேவை நிலையத்துக்குப் போங்கள்.