லீசுக்கு விட்டவர் கணக்கில் வருவது வாடகையா, வட்டியா? (கேள்வி பதில்)

பிறையில் பொருள் வாடகைக்கு விடும் நிறுவனத்தில் கணக்கு பார்க்கும் பெண்: அக்கா, 2 லட்சம் வெள்ளிக்கு ரெண்டு ஃபோர்க்லிப்ட் வாங்கி ஒரு ஃபேக்டரிக்கு 4 வருஷம் லீசுக்கு விட்டிருக்கோம். வருஷத்துக்கு 55,946 வருது. முதல் வருஷ வருமானம் 16,000தான்னு ஆடிட்டர் சொல்றார். மீதிப் பணம் எங்கே போச்சு?

எங்கேயும் போகவில்லை, தங்கச்சி. நீங்கள் போட்ட முதல் அந்த அளவுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

உங்கள் ஆடிட்டர் இதை ஃபைனான்ஸ் லீஸாக, அதாவது பொருளை ஒப்படைத்துவிட்டுக் கடன் கொடுத்த மாதிரி எடுத்திருக்கிறார். அப்படி எடுத்தால் லீஸ் தொடங்கும் நாளிலேயே இரண்டு ஃபோர்க்லிப்டும் உங்கள் சொத்துப் பட்டியலிலிருந்து இறங்கிவிடும். அந்த இடத்தில் 2 லட்சம் ரிங்கிட் வரவேண்டிய தொகையாக உட்காரும். வண்டி உங்கள் பெயரில் இருந்தாலும், கணக்குப்படி உங்களிடம் இருப்பது பணம் பெறும் உரிமைதான். அதன் மேல் வரும் வட்டி மட்டுமே வருமானம்.

வட்டி விகிதத்தை யாரும் கையால் எழுதி வைப்பதில்லை. அது ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்கிறது. நான்கு தவணைகளையும், 4 வருஷம் கழித்து வண்டி திரும்பி வரும்போது கிடைக்கும் என்று நீங்கள் எதிர்பார்க்கும் 20,000 ரிங்கிட்டையும் எந்த விகிதத்தில் கழித்தால் இன்றைக்கு 2 லட்சம் வருகிறதோ, அதுதான் உங்கள் விகிதம். தவணை வருஷக் கடைசியில் வருவதாக வைத்துப் பார்த்தேன், 8% வருகிறது.

சரி, இப்போது ஓட்டிப் பாருங்கள். முதல் வருஷம் 2 லட்சத்துக்கு 8%, அதாவது 16,000 வருமானம். வந்த 55,946-ல் மீதி 39,946 முதலைக் குறைக்கிறது, நிலுவை 1,60,054. இரண்டாம் வருஷம் வருமானம் 12,804, நிலுவை 1,16,912. மூன்றாம் வருஷம் 9,353, நிலுவை 70,319. நான்காம் வருஷம், சில்லறை வித்தியாசத்தையும் சேர்த்து, 5,627. கடைசித் தவணை வந்த பிறகு கணக்கில் சரியாக 20,000 நிற்கும். வண்டி திரும்பி வரும்போது அந்த 20,000 மறுபடியும் சொத்தாக மாறும்.

இதே ஒப்பந்தம் ஆப்பரேட்டிங் லீஸாக, அதாவது சாதாரண வாடகை மாதிரி இருந்தால் வண்டி உங்கள் சொத்தாகவே இருக்கும். வருஷா வருஷம் 55,946 முழுவதும் வாடகை வருமானம். 4 வருஷத்தில் 20,000-க்கு விற்றுவிடுவதாக இருந்தால் தேய்மானம் வருஷத்துக்கு 45,000. மிஞ்சுவது 10,946, ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதிரி.

இரண்டையும் கூட்டிப் பாருங்கள். அங்கேயும் 43,784, இங்கேயும் 43,784. லீஸ் எந்த வகையானாலும் மொத்த லாபம் ஒரு சென்கூட மாறாது. மாறுவது இரண்டுதான். ஒன்று, ஃபைனான்ஸ் லீஸில் லாபம் முன்கூட்டியே அதிகமாக வந்து பிறகு இறங்கும். இரண்டு, வருமானம் என்ற வரியில் தெரியும் தொகை. ஆப்பரேட்டிங் லீஸில் 4 வருஷத்துக்கு 2,23,784, ஃபைனான்ஸ் லீஸில் வெறும் 43,784. வங்கிக்காரர் விற்றுமுதலை மட்டும் பார்த்துக் கடன் தருபவராக இருந்தால் இதை முதலிலேயே அவருக்கு விளக்கிச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கடைசியில் நிலுவை பூஜ்யத்தில் வந்து நின்றால், விகிதம் கண்டுபிடிக்கும்போது அந்த 20,000-ஐச் சேர்க்க மறந்துவிட்டீர்கள். ஃபைனான்ஸ் லீஸ் என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு வருஷமும் 10,946 என்றே வருமானம் வந்தால், யாரோ ஹயர் பர்ச்சேஸ் பழக்கத்தில் மொத்த வட்டியை 4-ஆல் வகுத்துவிட்டார்கள். கடைசி நிலுவை அப்போதும் 20,000 என்றே வந்து சேரும் என்பதால் இந்தத் தவறு எளிதில் கண்ணில் படாது. வருஷ வருமானத்தை வருஷ ஆரம்ப நிலுவையால் வகுத்துப் பாருங்கள். எல்லா வருஷமும் ஒரே விகிதம் வரவில்லை என்றால் தப்பு.

ஆடிட் நிறுவனத்தில் வேலை செய்பவர், கோலாலம்பூர்: மேடம் சொன்னது சரி. ஆனால் இங்கே பெரும்பாலான லீஸில் தவணை முன்கூட்டியே வாங்குவார்கள். அப்போதும் 8% என்று போடலாமா?

போடக் கூடாது. நல்ல இடத்தில் பிடித்தீர்கள், தம்பி. அதே 55,946-ஐ ஒவ்வொரு வருஷமும் ஆரம்பத்தில் வாங்கினால் விகிதம் 13%-ஐக் கொஞ்சம் தாண்டிவிடும். மொத்த வருமானம் அப்போதும் 43,784தான், வருஷங்களுக்கிடையே பிரியும் விதம் மாறும். முதல் தவணையை முதல் நாளே கழித்துவிட்டு, மீதி நிலுவைக்குத்தான் வட்டி போட வேண்டும். மாதத் தவணை என்றால் மாத விகிதம் கண்டுபிடித்து மாதா மாதம் ஓட்டுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர்: பொருளோட ஆயுசுல 75% தாண்டினா ஃபைனான்ஸ் லீஸ், இல்லன்னா ஆப்பரேட்டிங். நாங்க அப்படித்தான் பிரிக்கிறோம். அது போதும்தானே?

பாதி சரி. ஆயுளில் பெரும்பகுதியை லீஸ் காலம் எடுத்துக்கொள்கிறதா என்பது உண்மையிலேயே ஓர் அறிகுறி. ஆனால் லீஸுக்கான மலேசியக் கணக்குத் தரமான எம்எஃப்ஆர்எஸ் 16-ல் 75 என்ற எண்ணே கிடையாது. அது அமெரிக்கத் தரத்திலிருந்து வந்த பழக்கம். இங்கே கேள்வி வேறு: பொருளின் சொந்தக்காரருக்கு உரிய லாபமும் ஆபத்தும் கிட்டத்தட்ட முழுவதும் கைமாறிவிட்டதா?

மேலே உள்ள ஃபோர்க்லிப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஷிஃப்ட் ஓடும் ஃபேக்டரியில் அதன் ஆயுள் 5 வருஷம் என்று வைத்தால், லீஸ் அதில் 4 வருஷம். தவணைகளின் இன்றைய மதிப்பு 1,85,300, அதாவது வண்டி விலையில் 92% சொச்சம். வண்டியின் சந்தை விலை நாளை சரிந்தாலும் விட்டவருக்கு அடிபடக்கூடியது கடைசி 20,000 மட்டும்தான். இப்படி எல்லாம் ஒரே பக்கம் காட்டும்போது ஃபைனான்ஸ் லீஸ் என்று சொல்லத் தயக்கம் வேண்டாம்.

ஆனால் ஆயுளில் 60% மட்டும் லீஸ், முடிவில் சந்தை விலையில் பாதிக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். உங்கள் 75% அளவுகோல் ஆப்பரேட்டிங் என்று சொல்லும். அந்த விலைக்கு வாடிக்கையாளர் வாங்காமல் விடப்போவதில்லை என்பது தொடக்கத்திலேயே நிச்சயமாகத் தெரிந்தால் அது ஃபைனான்ஸ் லீஸ். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களை வாசிக்காமல் வகை பிரிக்காதீர்கள்.

புக்கிட் மெர்த்தாஜாமில் கடை வீடு வைத்திருப்பவர்: மாசம் 6,000 வாடகை, 3 வருஷ ஒப்பந்தம். முதல் 3 மாசம் இலவசம் கொடுத்தோம். பணமே வரலையே, அந்த 3 மாசத்துக்கு வருமானம் போட வேண்டாம்தானே?

போட வேண்டும், அண்ணே. இது ஆப்பரேட்டிங் லீஸ். பணம் எந்த மாதம் வருகிறது என்று பார்க்காமல், மொத்த வாடகையை மொத்தக் காலத்துக்கும் சமமாகப் பரப்ப வேண்டும். 33 மாதம், மாதம் 6,000 என்றால் 1,98,000. அதை 36-ஆல் வகுத்தால் மாதம் 5,500. முதல் மாதத்திலிருந்தே வருமானம் 5,500.

மூன்றாம் மாத முடிவில் பணம் வராமலே 16,500 வருமானம் காட்டியிருப்பீர்கள். அது வரவேண்டிய வாடகையாக நிற்கும். நான்காம் மாதத்திலிருந்து 6,000 வரும், வருமானம் 5,500, மிச்சம் 500 அந்த நிலுவையைக் கரைக்கும். 36-ஆம் மாதம் அது பூஜ்யமாகும்.

இதில் கவனிக்க வேண்டியது, குடியிருப்பவர் பாதியில் கிளம்பிப் போனால் என்ன ஆகும் என்பதுதான். பத்தாம் மாத முடிவில் போய்விட்டார் என்றால் 13,000 இன்னும் நிலுவையில் இருக்கும். ஒப்பந்தப்படி அதை அவரிடம் கேட்க வழி இல்லையென்றால் அந்த மாதமே நட்டமாக எழுதிவிடுங்கள். டெபாசிட்டிலிருந்து ஈடுகட்டலாம் என்று நினைத்தால் முதலில் ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் செண்டிரியான் பெர்ஹாட், தனியார் நிறுவனங்களுக்கான எம்பிஇஆர்எஸ் தரத்தில் கணக்கு வைத்தால் அங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. எதிர்பார்க்கும் பொதுப் பணவீக்கத்தை ஈடுகட்டும் விதமாக வாடகை வருஷா வருஷம் ஏறுவதாக ஒப்பந்தம் போட்டிருந்தால், ஏறுகிற தொகையை அப்படியே அந்தந்த வருஷ வருமானமாக எடுக்கலாம். எம்எஃப்ஆர்எஸ் 16-ல் அந்தச் சலுகை இல்லை. இலவச மாதத்துக்கு இது இரண்டிலுமே பொருந்தாது.

ஜார்ஜ்டவுனில் கிளினிக் நடத்துபவர்: நான் 5 வருஷத்துக்கு இடம் வாடகைக்கு எடுத்திருக்கேன். என் ஆடிட்டர் அதைச் சொத்தாகவும் கடனாகவும் போட்டிருக்கார். அப்போ இடத்தோட சொந்தக்காரர் அவர் கணக்குலேர்ந்து கட்டடத்தை எடுக்கணுமா?

டாக்டர், நீங்கள் லீசுக்கு எடுத்தவர். நாம் இங்கே பேசுவது விட்டவர் கணக்கு. ஆனாலும் கேட்டது நல்லதாகப் போயிற்று. அவர் கட்டடத்தை எடுக்க வேண்டாம். எம்எஃப்ஆர்எஸ் 16, 2019 ஜனவரி 1 முதல் எடுத்தவர் பக்கத்தைத்தான் புரட்டிப் போட்டது. விட்டவர் பக்கம் இரண்டு வகைப் பிரிவு அப்படியே தொடர்கிறது. நீங்கள் காட்டுவது 5 வருஷம் அந்த இடத்தைப் பயன்படுத்தும் உரிமையை, அவர் காட்டுவது கட்டடத்தை. இரண்டும் வெவ்வேறு சொத்து. இருவர் கணக்கும் கண்ணாடிபோல் ஒத்துப்போக வேண்டியதில்லை.

மறுபடி பிறைப் பெண்: அக்கா, ரெண்டு வருஷம் முடிஞ்சிருச்சு. ஃபேக்டரிக்குப் போய்ப் பார்த்தா வண்டி ரொம்ப அடிபட்டிருக்கு. 20,000 வராது, 8,000 வந்தா பெரிசு. இப்ப ஏதாவது செய்யணுமா, இல்ல வண்டி திரும்பி வந்ததும் பார்த்துக்கலாமா?

இப்போதே. அந்த 20,000-க்கு வாடிக்கையாளரோ வேறு யாருமோ உத்தரவாதம் தரவில்லை. முழு ஆபத்தும் உங்களுடையது. அதனால்தான் அதை அடிக்கடி பரிசீலிக்கச் சொல்கிறது தரம். மதிப்பில் இறங்கிய தொகை 12,000. இன்னும் இரண்டு வருஷம் இருப்பதால் 8%-ல் அதன் இன்றைய மதிப்பு 10,288. இதை இந்த வருஷமே நட்டமாகப் போடுங்கள். நிலுவை 1,16,912-லிருந்து 1,06,624-க்கு இறங்கும். பிறகு அதே 8% தான்: மூன்றாம் வருஷம் 8,530, நான்காம் வருஷம் 4,737. கடைசியில் ஒரு ரிங்கிட் முன்பின்னாக 8,000-இல் வந்து நிற்கும்.

சேதம் ஒப்பந்தத்தில் சொன்ன சாதாரணத் தேய்வைத் தாண்டியதா என்றும் பாருங்கள். அதற்கு அவர்களிடம் ஈடு கேட்க முடிந்தால் அது தனிக் கதை.

பாயான் லெப்பாஸிலிருந்து ஒருவர்: ஒரு வாடிக்கையாளருக்காகவே செஞ்ச டெஸ்ட் மெஷின். வேற யாருக்கும் உதவாது. லீஸ் 2 வருஷம்தான், மெஷின் 6 வருஷம் ஓடும். புதுப்பிக்கிற உரிமை அவங்களுக்கு இருக்கு. எந்த வகை?

இதற்கு நான் இங்கிருந்தே தீர்ப்பு சொல்ல மாட்டேன். பெரிய மாற்றம் செய்யாமல் வேறு யாரும் பயன்படுத்த முடியாது என்பது ஃபைனான்ஸ் லீஸின் அறிகுறிதான். ஏனென்றால் வேறு ஆளே இல்லாத மெஷினை இரண்டு வருஷ வாடகைக்குச் செய்து தருபவர் யாரும் இருக்க மாட்டார்கள்; முதலை எங்கேயோ மீட்கிற வழி வைத்திருப்பார்கள். அந்த வழி என்ன என்பதுதான் கேள்வி. புதுப்பிக்காமல் விட்டால் அபராதம் உண்டா? மெஷின் இல்லாவிட்டால் அவர்கள் உற்பத்தி நிற்குமா? அப்படியென்றால் புதுப்பிப்பது கிட்டத்தட்ட நிச்சயம். லீஸ் காலம் 2 வருஷம் இல்லை. இரண்டு வருஷத்தில் எடுத்துக்கொள் என்று அவர்கள் சும்மா சொல்லிவிட முடியுமானால் ஆபத்து உங்களுடையது, ஆப்பரேட்டிங் என்று வாதாட இடம் இருக்கிறது. புதுப்பித்தல், ரத்து பற்றிய பக்கங்களைப் பார்த்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். அப்புறம் பேசலாம்.