சாட்டில் wwaww: கையா, கொன்ட்ரோலரா?

"மைன்கிராஃப்ட் ஜாவா சேர்வர் ஒன்றில் சாட்டைக் கவனிப்பது என் பொறுப்பு. ஒரு பிளேயர் நிறுத்தாமல் wwaww என்று அனுப்பிக்கொண்டே இருக்கிறார், கேட்டால் கொன்ட்ரோலர் பழுதாம். நம்பலாமா? அவருக்கு எப்படிப் பதில் எழுதுவது?"

முதலில் அவர் அனுப்பிய எழுத்துகளைப் பாருங்கள், பாதிப் பதில் அதிலேயே இருக்கும். கொழும்புப் பெடியன்கள் கூடும் ஒரு சேர்வரில் இரவு நேரத்தில் சாட்டைப் பார்க்கிறவன் நான். அங்கே வந்த ஒரு துண்டு இது, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்:

```
[21:14:07] <kili07> wwaw
[21:14:09] <kili07> ww
[21:14:10] <kili07> wtwwaw
[21:14:12] <kili07> w
[21:14:13] <kili07> waww
```

கையால் குழப்படி செய்கிறவன் கீபோர்டில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளைத்தான் வழிப்பான். asdfgh வரும், jkl வரும், இரண்டு வரிக்குள் அலுத்துப்போய் ஏதாவது ஒரு சொல்லும் எழுதிவிடுவான். மேலே அப்படி எதுவும் இல்லை. w, a, t மூன்றைத் தவிர வேறு எழுத்தே கிடையாது. w என்றால் முன்னால் நடப்பது, a என்றால் இடப்பக்கம், t என்றால் சாட்டைத் திறப்பது. ஒரு மனிதன் வேண்டுமென்றே இந்த மூன்றை மட்டும் தெரிந்தெடுத்து நிமிடக்கணக்கில் அடிப்பது நடக்காத காரியம் இல்லை, ஆனால் எனக்கு அது இயந்திரத்தின் வேலையாகத்தான் பட்டது.

கொன்ட்ரோலரில் எழுத்தே இல்லையே, பிறகு எப்படி எழுத்து வரும் என்று கேட்பீர்கள். ஜாவா பதிப்பு கொன்ட்ரோலரை நேரடியாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் JoyToKey மாதிரி ஒரு சொஃப்ட்வெயாரை நடுவில் வைத்து, ஸ்டிக்கை மேலே தள்ளினால் w, இடப்பக்கம் தள்ளினால் a, அந்தப் பட்டனுக்கு இந்த எழுத்து என்று கட்டிவிடுவார்கள். கேமைப் பொறுத்தவரை யாரோ கீபோர்டில் அடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஸ்டிக்குக்கு அடியில் இருப்பது சின்னக் கார்பன் தடமும் அதன் மேல் உரசிக்கொண்டு ஓடும் ஒரு தொடுமுனையும். நாளாக ஆக அந்தத் தடம் தேய்ந்துவிடும், கையை எடுத்தாலும் ஸ்டிக் கொஞ்சம் முன்னால் தள்ளியிருப்பதாகவே கொம்பியூட்டருக்குச் செய்தி போகும். அந்த அளவும் ஒரே இடத்தில் நிற்காமல் நடுங்கும். நடுங்கி எல்லையைத் தாண்டுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு w. சாட் திறந்திராவிட்டால் ஆள் சுவரோடு முட்டிக்கொண்டு நடப்பார், திறந்திருந்தால் அதே w எழுத்தாக விழும்.

ஆனால் ஸ்டிக் மட்டும் பழுதானால் செய்தி வெளியே போகாது. யாரோ t அமத்திச் சாட்டைத் திறக்க வேண்டும், யாரோ Enter அமத்தி அனுப்ப வேண்டும். நான் கவனித்த ஆள் அந்த இரண்டையும் சிலுவை மாதிரி இருக்கும் திசைப் பட்டனில் பக்கத்துப் பக்கத்துத் திசைகளுக்குக் கொடுத்திருந்தார். பல கொன்ட்ரோலர்களில் அந்தச் சிலுவைக்குக் கீழே இருப்பது ஒரே துண்டு ரப்பர். அதற்குள் இனிப்பாக எதையாவது ஊற்றிக் காயவிட்டால் ரப்பர் ஒட்டிக்கொண்டு, விட்டு விட்டுத் தானாகவே தொடும் (எங்கட ஆள் பிறகு ஒத்துக்கொண்டது மைலோ). உப்புக் காற்று வீசுகிற கடலோர வெள்ளவத்தை வீடுகளில் மைலோ ஊற்றாமலே இப்படி ஆகும் என்று என் தம்பி அடித்துச் சொல்கிறான், எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை.

சேர்வரே இவரைத் தூக்கி எறியாதா என்றால், எறியாது. மைன்கிராஃப்டுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. ஒவ்வொரு செய்திக்கும் 20 புள்ளி ஏறும், கேமின் ஒவ்வொரு துடிப்புக்கும், அதாவது டிக்குக்கும், 1 குறையும், 200ஐத் தாண்டினால் வெளியேற்றம். நொடிக்கு 20 டிக் என்பதால் நொடிக்கு ஒரு செய்தி வரை ஏறுவதும் இறங்குவதும் சரியாகிவிடும். மேலே உள்ள நேரங்களைப் பாருங்கள், ஒன்று ஒன்றரை நொடிக்கு ஒன்றுதான் வருகிறது. அதனால் இவர் விடியும்வரை அனுப்பினாலும் அந்தக் கணக்கில் மாட்டமாட்டார். நொடிக்கு இரண்டு அனுப்பினால் பத்து நொடியளவில் வெளியே போவார், திரையில் வருவது 'ஸ்பாம் செய்ததற்காக வெளியேற்றம்' என்ற அர்த்தமுள்ள ஒரு ஆங்கில வரி மட்டும்தான். கொன்ட்ரோலர் பழுதான ஆளுக்கு அது ஒன்றையும் விளக்காது, திரும்ப வந்து அதையே செய்வார்.

சரி, பதிலுக்கு வருவோம். எழுதுவதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்வேன்: ஸ்பெக்டேட்டர் நிலையில் அவர் இருக்கும் இடத்துக்குப் போய்ப் பார்ப்பேன். இவர் ஒரு கல்லுச் சுவரைப் பார்த்தபடி நின்றார், செய்தி போய் அடுத்தது திறக்கும் இடைவெளியில் முழு வேகத்தில் விட்டு விட்டு முன்னால் நடந்து சுவரில் முட்டினார். கொன்ட்ரோலரை நேரடியாக எடுக்கும் கேம்களில் ஸ்டிக்கை மெதுவாகத் தள்ளினால் மெதுவாக நடக்கலாம், w எழுத்தாக மாறிவிட்டால் எப்போதும் ஒரே வேகம்தான். சாட்டில் விழும் அதே w சாட் மூடிய நேரத்தில் ஆளை நடத்துவதைக் கண்டதோடு என் சந்தேகம் போய்விட்டது.

அதற்குள் சாட்டில் மற்றவர்கள் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் 'மொகத மே' என்று சிங்களத்தில் கேட்க, இன்னொருவர் 'பான் பண்ணுங்கோ அண்ணா' என்று கத்த, அவருக்கு மூன்றாவது ஆள் பதில் சொல்ல, உண்மையான சத்தம் அவர்களுடையதாகிவிட்டது. அதனால் முதலில் kili07இன் வாயை அடைத்தேன். எங்கள் சேர்வரில் EssentialsX பிளகின் இருப்பதால் கட்டளை இது:

```
/mute kili07 10m controller
```

வெளியேற்றாமல் மியூட் செய்ததற்குக் காரணம் உண்டு. வெளியே போனால் நான் எழுதுவதை அவர் வாசிக்க முடியாது. மியூட் ஆனால் அவருடைய திரையில் சாட் தானாகத் திறந்து திறந்து மூடும், ஆனால் ஒன்றும் வெளியே வராது, நான் எழுதுவது அவருக்குத் தெரியும். எல்லாருக்கும் தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு வரி போட்டேன்: 'அவருடைய கொன்ட்ரோலர் பழுது, பார்த்துக்கொண்டிருக்கிறன், நீங்கள் விளையாடுங்கோ.' பிறகு `/msg` வழியாக அவருக்குத் தனியாக, துண்டு துண்டாக, ஒரு செய்தியில் ஒரே ஒரு வேலை மட்டும்:

'வணக்கம், உங்கட கொன்ட்ரோலர் தானா எழுத்து அடிக்குது. நீங்கள் வேணுமெண்டு செய்யேல்ல எண்டு தெரியும். பத்து நிமிசத்துக்கு உங்கட சாட்டை மட்டும் நிப்பாட்டியிருக்கிறன், பான் இல்ல.'

'முதல் கொன்ட்ரோலர் ஒயரைக் கழட்டுங்கோ. ஒயர் இல்லாட்டி பட்டரியை எடுங்கோ.'

'இப்ப சாட் திறந்திருந்தால் கீபோர்டில Esc ஒருக்கா. ஆள் இன்னும் நடந்தால் w ஒருக்கா தட்டி விடுங்கோ.'

'எல்லாம் சரியெண்டால் Shift ரெண்டு தரம் அமத்துங்கோ, நான் பக்கத்திலதான் நிண்டு பார்க்கிறன்.'

இந்த வரிசையை மாற்றாதீர்கள். மியூட் ஆன ஆளால் எனக்குத் திரும்ப எழுத முடியாது, அதனால்தான் Shift, அதை அமத்தினால் ஆள் குனிவார், அது கண்ணுக்குத் தெரியும். ஆனால் சாட் திறந்திருக்கும்போது Shift அமத்தினால் குனியமாட்டார், ஆகவே Esc முதலில். ஒயரைக் கழற்றாமல் Esc அடித்தால் அடுத்த நொடியே ரப்பர் தொட்டு t போய்ச் சாட் திரும்பத் திறக்கும். w தட்டச் சொல்வது எதற்கென்றால், ஒயர் கழன்ற நேரத்தில் w அமுங்கிய நிலையில் இருந்தால் சில நேரம் அது விடுபட்ட செய்தி கேமுக்குப் போகாது, ஆள் தானாக நடந்துகொண்டே இருப்பார்.

அவர் இரண்டு தரம் குனிந்தார். மியூட்டை எடுத்தேன்.

அதன் பிறகுதான் பழுதைப் பற்றிப் பேச்சு. விண்டோஸில் Win+R அமத்தி `joy.cpl` என்று போட்டு, கொன்ட்ரோலரைத் தெரிந்து Properties திறந்தால் ஒரு பெட்டிக்குள் சின்னச் சிலுவைக் குறி தெரியும். ஸ்டிக்கைத் தொடாமல் விட்டுப் பார்க்கச் சொன்னேன், குறி நடுவில் நிற்காமல் மேலே ஏறி நடுங்குகிறது என்றார். எந்த ஸ்டிக்கும் சரியாக நடுவில் நிற்பதில்லை, அதனால்தான் கேம்கள் நடுவைச் சுற்றி ஒரு பகுதியைக் கணக்கில் எடுப்பதில்லை. மைக்ரோசொஃப்ட் இடது ஸ்டிக்குக்குச் சொல்லும் அளவு 32767க்கு 7849, கிட்டத்தட்ட கால்வாசி. குறி அந்தக் கால்வாசிக்குள் நடுங்கினால் எழுத்தாக மாற்றும் சொஃப்ட்வெயாரில் எல்லையைக் கூட்டிவிட்டால் போதும், இன்னும் கொஞ்சக் காலம் ஓடும். அதைத் தாண்டிப் போனால் ஸ்டிக் மொடியூலை மாற்ற வேண்டும். துடைத்தால் சில நாள் சரியாகிற மாதிரித் தெரியும், தேய்ந்த கார்பன் திரும்ப வராது. ரப்பர் கதை வேறு, அதைக் கழற்றி ஐசோபுரொபைல் அல்ககோலால் துடைத்தால் பெரும்பாலும் சரிவரும். கொழும்பு யூனிட்டி பிளாசா பக்கம் இந்த வேலை செய்து தரும் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் மலிவான கொப்பி கொன்ட்ரோலருக்கு மொடியூலும் கூலியும் சேர்ந்தால் புதிதின் விலைக்குக் கிட்டப் போய்விடும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இதெல்லாம் முடியும்வரை அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: t, Enter இரண்டையும் கொன்ட்ரோலரிலிருந்து எடுத்துவிட்டு, சாட்டுக்குக் கீபோர்டை மட்டும் பாவியுங்கோ. அது போதும், ஸ்டிக் நடுங்கினாலும் ஆள் சுவரில் முட்டுவாரே தவிர சாட்டுக்கு ஒன்றும் வராது. அதைச் செய்யாமல் திரும்ப வந்து சாட்டை நிரப்பினால் பத்து நிமிடத்தை ஒரு நாளாக்குவேன், அதையும் முன்கூட்டியே சொல்லித்தான் விட்டேன்.

கொன்ட்ரோலரைச் சாக்காக வைத்துக் குழப்படி செய்கிறவர்களும் வருவார்கள். அவர்களிடம் Shift கேட்டால் உடனே குனிவார்கள், ஒயரைக் கழற்றும் நேரம்கூட எடுக்காது. சாட்டிலும் w, a நடுவே யாருடைய பெயராவது, ஒரு கெட்ட வார்த்தையாவது இருக்கும். திசைப் பட்டன் அதெல்லாம் எழுதாது, அவர்களுக்கு உங்கள் சேர்வரில் வழக்கமாக என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள்.