அந்த ஊரு தண்ணி

கேள்வி: வெளிநாடு போய் செட்டிலான குடும்பங்கள்ல பிள்ளைங்க அப்பா அம்மாவைவிட ஒரு ஜாண் உயரமா வளர்ந்து நிக்குறாங்களே, அது எப்படி சார்? அந்த ஊரு தண்ணி அப்படியா?

பதில்: தண்ணின்னு சொன்னீங்க பாருங்க, அதையே பிடிச்சுக்கிறேன். நம்மாளுங்க எதுக்கெடுத்தாலும் தண்ணியைத்தான் சொல்வோம். கட்டிக்குடுத்த பொண்ணு நாலு மாசத்துல பூசினாப்ல ஆயிட்டா அந்த ஊரு தண்ணி ஒத்துக்கிச்சும்போம், மாப்பிள்ளைக்கு முடி கொட்டுனா உப்புத் தண்ணிம்போம், ஒருத்தன் முரட்டுத்தனமா பேசினா அவன் குடிச்ச தண்ணி அப்படிம்போம். ரொம்ப நாளா இது சும்மா பேச்சு வழக்குன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். உயரத்தைப் பத்தி உக்காந்து படிச்சப்புறம்தான் புரிஞ்சுது, உங்க கேள்விக்குப் பாதிக்கு மேல பதில் அந்த ஒரு வார்த்தையிலயே இருக்கு.

ஒரு கதை சொல்றேன், நம்ம ஊர்க் கதை இல்ல, குவாத்தமாலா மலைப்பக்கத்து மாயா ஜனங்களோட கதை. அங்க 1960ல ஆரம்பிச்சு 1996 வரைக்கும் உள்நாட்டுப் போர். எண்பதுகளோட தொடக்கத்துல ராணுவம் மாயா ஊர்களை ஊரோட கொளுத்துச்சு, உயிர் பிழைச்சவங்க கால்நடையா மெக்சிகோ பக்கம் ஓடுனாங்க, அதுல ஒரு பகுதி அமெரிக்கா வரைக்கும் போய்ச் சேர்ந்துச்சு. ஃப்ளோரிடால இண்டியன்டவுன்னு ஒரு சின்ன ஊர், சுத்தி ஆரஞ்சுத் தோப்பும் காய்கறி வயலும், அங்க பறிப்பு வேலைக்கு நிறைய பேர் தங்கிட்டாங்க. இன்னொரு கூட்டம் லாஸ் ஏஞ்சலஸ் போச்சு. போனவங்க யாரும் அங்க போய்ப் பணக்காரங்க ஆயிடலை. கூலி வேலை, நெருக்கடியான வீடு, பாதிப் பேருக்கு ஒழுங்கான பேப்பர்கூட கிடையாது. இதை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

மாயா ஜனங்க உலகத்துலயே ரொம்பக் குள்ளமான மக்கள்ல ஒருத்தர்னு பேர் வாங்கினவங்க. பொம்பளைங்கள்ல பெரும்பாலானவங்க அஞ்சடிக்குக் கீழ. அதைப் பாத்துட்டு, இது அவங்க ரத்தத்துலயே இருக்கு, வம்சமே அப்படின்னு ரொம்ப காலமா சொல்லிட்டிருந்தாங்க. பாரி போகின்னு ஒரு மானுடவியலாளர், மனுச உடம்போட வளர்ச்சிதான் அவர் சப்ஜெக்ட், குவாத்தமாலால பல வருஷம் பிள்ளைங்களை அளந்தவர். அவரும் கூட இருந்தவங்களும் 1992ல இண்டியன்டவுன்லயும் லாஸ் ஏஞ்சலஸ்லயும் இருந்த மாயா பிள்ளைங்களை அளந்தாங்க. ஊர்ல இருக்குற அதே வயசு மாயா பிள்ளைங்களைவிட சராசரியா 5.5 சென்டிமீட்டர் உயரம் அதிகம். அப்புறம் 1999லயும் 2000லயும் திரும்ப அளந்தாங்க, அஞ்சுலேருந்து பன்னெண்டு வயசு வரை 360 பிள்ளைங்க. இப்ப வித்தியாசம் 11.54 சென்டிமீட்டர். ரெண்டாவது படிக்கிற பையனையும் நாலாவது படிக்கிற பையனையும் பக்கத்துல நிக்க வச்ச மாதிரி, ஆனா ரெண்டு பேருக்கும் வயசு ஒண்ணு!

உயரமானவங்க மட்டும் கிளம்பிப் போயிருப்பாங்க, அதான் பிள்ளைங்களும் உயரம்னு ஒரு வாதம் வரும், எனக்கும் ஒரு வாசகர் முன்னாடி இதையே எழுதியிருந்தார். அய்யா, வீட்டுக்குத் தீ வைக்கும்போது யாரும் உயரம் பாத்து ஓடலை. அதைவிட முக்கியம், அமெரிக்காவுல இருந்த அந்த ஜனங்களுக்குள்ளயே எட்டு வருஷத்துல வித்தியாசம் அஞ்சரைலேருந்து பதினொன்னரை ஆயிருக்கு. எட்டு வருஷத்துல ஜீன் மாறாது. ரத்தம் ரத்தம்னு பேசுறவங்களோட எனக்கு இருபது வருஷச் சண்டை இருக்கு, அதனால இந்த இடத்துல கொஞ்சம் அழுத்தியே சொல்றேன், ஒரு குடும்பத்துக்குள்ள அண்ணன் நெட்டை தம்பி குட்டைங்கறதுக்கு ஜீனைச் சொல்லுங்க ஒத்துக்கிறேன், ஒரே மாதிரி தின்னு ஒரே மாதிரி வளர்ந்தவங்களுக்குள்ள வித்தியாசம்னா அதுக்கு ஜீன்தான் பெரிய காரணம், ஆனா ஒரு ஜனமே குள்ளமா இருக்குன்னா மொதல்ல அவங்க வீட்டுக் குடத்தைப் பாருங்க.

இந்த 11.54ஐயும் அவங்க மொத்தமா விட்டுடலை, எங்க வளர்ந்திருக்குன்னு பாத்தாங்க. இது நீங்க வீட்லயே செய்யலாம். பிள்ளையைச் சுவத்தோட ஒட்டி நிக்க வச்சு உயரம் எடுங்க. அப்புறம் ஒரு ஸ்டூல்ல முதுகு நேரா உக்கார வச்சு ஸ்டூல் பலகையிலேருந்து உச்சந்தலை வரைக்கும் அளங்க. பேச்சுக்கு நின்னா 120, உக்காந்தா 65ன்னா, கழிச்சுப் பாத்தா கால் 55. இப்படித்தான் அங்கயும் செஞ்சாங்க. கூடுன பதினொன்னரைல 6.83 சென்டிமீட்டர் காலுக்கு மட்டும் போயிருக்கு, மிச்சம்தான் உடம்புக்கும் தலைக்கும். ஊர்ல இருந்த பிள்ளைங்க சும்மா சின்னதா இல்ல, கால் குட்டையா இருந்தாங்கன்னு அர்த்தம்.

ஏன் கால்? பிறந்த குழந்தையைப் பாருங்க, தலை மட்டும் உடம்பு நீளத்துல நாலுல ஒரு பங்கு இருக்கும். வயித்துல இருக்கும்போது தலைக்குத்தான் முதல் பந்தி, கால் கடைசிப் பந்தி. பிறந்தப்புறம்தான் கால் வேகம் பிடிக்குது. முதல் வருஷம் ஒரு குழந்தை சுமார் 25 சென்டிமீட்டர் வளரும், ரெண்டாவது வருஷம் 12, அப்புறம் வருஷத்துக்கு ஆறு ஏழுன்னு இறங்கிடும். அந்த வேகமான ரெண்டு வருஷத்துல அடி விழுந்தா அது கால்லதான் தெரியும்.

அந்த அடி எங்கேருந்து வருதுன்னா, இப்ப உங்க தண்ணிக்கு வந்துட்டேன். ஆறு மாசம் தாய்ப்பால் குடிச்ச குழந்தைக்கு அதுக்கப்புறம் கஞ்சியோ கூழோ குடுக்க ஆரம்பிப்பாங்க, அதைக் கரைக்கிற தண்ணி ஓடையிலேருந்து வருது. வயித்துப்போக்கு. மூணு நாள் சாப்பிடாது, சாப்பிட்டதும் தங்காது, காய்ச்சல் வேற, உடம்பு இருக்குற சத்தை எல்லாம் கிருமியோட சண்டை போடத் திருப்பிடுது. எலும்பு முனையில, முழங்கால் பக்கத்துல, க்ரோத் பிளேட்டுன்னு ஒரு குருத்தெலும்புத் தகடு, உயரம் கூடுறது அங்கதான். கல்லீரல் அனுப்புற வளர்ச்சிச் சுரப்பு காய்ச்சல்ல குறைஞ்சதும் அந்தத் தகடு வேலையை நிறுத்திடும். சரியானதும் திரும்ப ஓடும், விட்டதைப் பிடிக்கவும் பாக்கும், அதுக்குள்ள அடுத்த பேதி வந்துடும். பேதியே வராட்டாலும் அழுக்குத் தண்ணி ஓயாம உள்ள போனா குடல் சுவத்துல சத்தை உறிஞ்சுற நுண்ணிய விரல் மாதிரி மடிப்புகள் மழுங்கிடும், குழந்தை சாப்பிடும், பாக்க நோயாளி மாதிரியும் இருக்காது, ஆனா வளராது. அம்மா என்ன பண்ணுவா, எங்க வம்சமே குட்டைதான்னு நெனச்சுக்குவா, ஊர்ல எல்லா பிள்ளையும் அப்படி இருந்தா எதோட ஒப்பிடுறது?

இண்டியன்டவுன் கூலிக்காரன் வீட்டுக்குக் கிடைச்சது இதுதான்: குழாயைத் திறந்தா குடிக்கிற தண்ணி, தடுப்பூசி, பக்கத்துல கிளினிக், பேப்பர் இருக்கா இல்லையான்னு பாக்காம பள்ளிக்கூடத்துல காலையும் மதியமும் சாப்பாடு. சம்பளம் இல்ல, இதெல்லாம்தான் கால்ல போய் 6.83 சென்டிமீட்டரா நின்னுச்சு.

அப்ப சாப்பாட்டுக்கு வேலையே இல்லையான்னு கேட்டா, இருக்கு, அதையும் குவாத்தமாலாலயே சோதிச்சுப் பாத்திருக்காங்க. INCAPன்னு அங்க ஒரு சத்துணவு ஆராய்ச்சி நிலையம், 1969லேருந்து 1977 வரை நாலு கிராமத்துல, இது மாயா ஊர்கள் இல்ல, ஸ்பானிஷ் பேசுறவங்க ஊர், ரெண்டு ஊருக்குப் பால் பவுடரும் புரதமும் சேத்த கூழ், அதோலேன்னு பேர், ரெண்டு ஊருக்குப் புரதமே இல்லாத இனிப்புத் தண்ணி. வைத்தியம் நாலு ஊருக்கும் ஒண்ணுதான். கூழ் குடிச்ச ஊர்ப் பிள்ளைங்க மூணு வயசுல சுமார் 2.5 சென்டிமீட்டர் கூடுதலா இருந்தாங்க. மூணு வயசு தாண்டினப்புறம் அதே கூழ் குடிச்சும் உயரத்துல எந்த வேகமும் கூடலை.

இங்கதான் என் பழைய பஞ்சாயத்து ஒண்ணு ஞாபகம் வருது. பத்து வயசுப் பையன் டம்ளரைக் கவுத்துட்டு கம்பியில தொங்கி உயரமாகுற மாதிரி டிவில வருதே, அந்தப் பவுடரைப் பத்தி இதே பக்கத்துல எழுதுனதுக்கு எவ்வளவு திட்டு வாங்கினேன்னு பழைய வாசகர்களுக்குத் தெரியும். என் பொண்ணுக்குக் குடுத்தேன் நாலு இன்ச் வளர்ந்தான்னு ஒரு அம்மா எழுதினாங்க. அம்மா, பதினொரு வயசுல பச்சத் தண்ணி குடிச்சாலும் நாலு இன்ச் வளர்ற பிள்ளை உண்டு, அது வயசுக்கு வர்ற வேகம். அந்தக் காசு வீட்ல கைக்குழந்தைக்குத் தண்ணி கொதிக்க வைக்கிற கேஸுக்கும் முட்டைக்கும் போகட்டும்னு அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன்.

லேட்டா இடம் மாறினா என்ன ஆகும்ங்கறதுக்கு நம்ம நாட்டுப் பிள்ளைங்களே சாட்சி. இந்தியாவுலேருந்து ஸ்வீடனுக்குத் தத்துப் போன 107 பொண்ணுங்களை அங்க உள்ள டாக்டருங்க பின்தொடர்ந்து அளந்து 1991ல எழுதினாங்க. போன புதுசுல மளமளன்னு வளர்ந்தாங்க, பாத்தவங்களுக்கு சந்தோஷம். ஆனா அந்த வேகத்துலயே சீக்கிரம் வயசுக்கும் வந்துட்டாங்க, பாதிப் பேர் 11.6 வயசுக்குள்ளயே, சில பிள்ளைங்க அதுக்கும் ரொம்ப முன்னாடி. வயசுக்கு வந்தா அந்தத் தகடு மூட ஆரம்பிச்சுடும், வளர்றதுக்குக் கிடைக்கிற வருஷம் குறைஞ்சுபோச்சு. கடைசில சராசரி உயரம் 154 சென்டிமீட்டர்தான் நின்னுச்சு. ஸ்வீடன் தண்ணி, ஸ்வீடன் பால், எல்லாம் இருந்தும்! அதனால உங்க சொந்தக்காரங்க யாராவது பிள்ளையைப் பத்து வயசுல கூட்டிட்டுப் போய், ஏன் பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி வளரலைன்னு அதைப் போட்டுப் படுத்தினா, தயவுசெஞ்சு தடுங்க.

மாயா பிள்ளைங்களும் அமெரிக்கப் பிள்ளைங்க உயரத்தைத் தொட்டுடலை, இன்னும் குறைவுதான். எடை மட்டும் முந்திடுச்சு, அந்த 2000ம் வருஷக் கணக்குல ஏறக்குறைய பாதிப் பிள்ளைங்க அதிக எடை. சோடாவும் சிப்ஸும் பண்ண வேலை, அதைத் தனியா ஒரு நாள் திட்டணும். உயரம் ஏன் ஒரே தலைமுறையில முழுசா வராதுன்னா, சின்ன வயசுல நோயில அடிபட்டு நாலே முக்கால் அடியில நின்னுபோன அம்மாவோட இடுப்பும் கர்ப்பப்பையும் சின்னது, பிள்ளை பிறக்கும்போதே சின்னதாத்தான் பிறக்கும், அதுக்கப்புறம் எவ்வளவு நல்ல தண்ணி குடுத்தாலும் அந்த முதல் ஒன்பது மாசக் கடன் கொஞ்சம் பாக்கி நிக்கும். 2000ல ஸ்டூல்ல உக்காந்து அளவு குடுத்த அந்தப் பொண்ணுங்கள்ல பல பேர் இப்ப அம்மா ஆயிருப்பாங்க, அவங்க பிள்ளைங்களையும் யாராவது அதே மாதிரி ஸ்டூல்ல உக்கார வச்சு அளந்து எழுதணும்னு எனக்கு ரொம்ப ஆசை.