சுருக்க நூலுக்கு ஏன் இத்தனை உரைகள்? 'மின்ஹாஜ்' எனும் ஷாஃபிஈ சட்ட நூலின் கதை

கேள்வி: இஸ்லாமியச் சட்டத்தில் ஒரு சின்ன நூலுக்கு விரிவுரை, அந்த விரிவுரைக்குக் குறிப்புரை, அப்புறம் அதையே சுருக்கி இன்னொரு நூல் என்று நூற்றாண்டுக் கணக்கில் எழுதிக்கொண்டே போனார்களாமே? நேராக மூல நூலைப் படித்தால் போதாதா? ஒரு உதாரணத்தோடு விளக்க முடியுமா?

பதில்:

உதாரணத்துக்கு இமாம் நவவியின் 'மின்ஹாஜுத் தாலிபீன்' நூலையே எடுத்துக்கொள்கிறேன். நான் ஷாஃபிஈ மத்ஹபில், அதாவது இமாம் ஷாஃபிஈயின் சட்ட மரபில், கிதாபு ஓதியவன். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் சட்டமும் இந்த மத்ஹபுதான். அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்தே சொல்ல முடிகிறது.

முதலில் ஒன்று. நீங்கள் நினைக்கிற 'மூல நூல்' இங்கே மூலமே கிடையாது. மின்ஹாஜ் ஒரு நீண்ட சங்கிலியின் நடுவில் வரும் கண்ணி. இமாம் ஷாஃபிஈ 820-இல் எகிப்தில் காலமானார். அவர் சொன்னவற்றை அவருடைய மாணவர் முஸனீ 'முக்தஸர்' என்ற பெயரில் சுருக்கினார். இருநூறு ஆண்டுகள் கழித்து இமாமுல் ஹரமைன் ஜுவைனீ அந்தச் சுருக்கத்தை மிக விரிவாக விளக்கினார். இன்றைய அச்சில் அது சுமார் 20 தொகுதிகள். ஜுவைனீயின் மாணவரான கஸ்ஸாலீ அதைப் பஸீத், வஸீத், வஜீஸ் என்று படிப்படியாகக் குறுக்கினார். கஸ்வீன் ஊர்க்காரரான ராஃபிஈ (இறப்பு 1226) வஜீஸை ஒட்டி 'முஹர்ரர்' எழுதினார் என்பார்கள். அந்த முஹர்ரரைச் சுருக்கித்தான் டமாஸ்கஸில் நவவி (இறப்பு 1277) மின்ஹாஜை எழுதினார்.

ஏன் சுருக்கினார் என்பதை முன்னுரையில் அவரே சொல்கிறார். முஹர்ரர் அருமையான நூல், ஆனால் அதன் அளவு பெரிது, இந்தக் காலத்தவரில் பெரும்பாலோரால் அதை மனப்பாடம் செய்ய முடியவில்லை, அதனால் ஏறக்குறைய பாதி அளவுக்குக் குறைக்கிறேன் என்கிறார். மனப்பாடம் என்பதுதான் இங்கே முக்கியம். மாணவன் முதலில் நூலை முழுக்க நெஞ்சில் ஏற்றிக்கொள்வான். உஸ்தாத் பிறகு ஒவ்வொரு வரியாக விரித்துச் சொல்வார். இந்த ஏற்பாட்டில், உடன் ஒருவர் இருந்து விளக்குவார் என்ற நம்பிக்கையில்தான் சுருக்க நூலே எழுதப்படுகிறது. நவவியும் அதே முன்னுரையில், இந்தச் சுருக்கத்தின் நுணுக்கங்களை விளக்க விரிவுரை போல ஒரு சிறு நூலைத் தொடங்கிவிட்டதாகச் சொல்கிறார். ஆக, மின்ஹாஜுக்கு முதல் குறிப்புரையை எழுதத் தொடங்கியவர் அதன் ஆசிரியரே.

பாதியாகக் குறைப்பதற்கு அவர் கையாண்ட முறையை ஒரே ஒரு வரியில் காட்டுகிறேன். சுத்தம் பற்றிய முதல் அத்தியாயத்தில் இப்படி வருகிறது: "கடமையான சுத்தத்துக்குப் பயன்படுத்திய நீர் (உபரியான சுத்தத்துக்குப் பயன்படுத்தியதும் என்று சொல்லப்பட்டது) புதிய கூற்றின்படி சுத்தப்படுத்தாது. அதைச் சேர்த்து இரண்டு குல்லா அளவு வந்தால், மிகச் சரியான கருத்தின்படி சுத்தப்படுத்தும்."

சாதாரண வாக்கியமாகத் தெரியும். ஆனால் அதில் மூன்று சொற்கள் குறியீடுகள். 'புதிய கூற்று' என்றால் இமாம் ஷாஃபிஈ எகிப்துக்குப் போன பிறகு சொன்னது. அவர் அதற்குமுன் இராக்கில் இருந்தபோது இதற்கு மாறாகச் சொன்னார் என்பதும் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. 'மிகச் சரியான கருத்து', அதாவது 'அஸஹ்ஹு' என்றால், இந்தக் கருத்துவேறுபாடு இமாமுடையது அல்ல, அவர் வழிவந்த அறிஞர்களுக்கு இடையே உள்ளது, எதிர்க்கருத்தும் வலுவானதே என்று பொருள். வெறுமனே 'ஸஹீஹ்' என்று எழுதியிருந்தால் எதிர்க்கருத்து பலவீனமானது என்று ஆகியிருக்கும். இமாமின் சொந்தக் கூற்றுகளுக்கு இடையே தேர்ந்தெடுக்கும்போது 'அள்ஹர்' என்பார். 'சொல்லப்பட்டது' என்றால் பலவீனமான கருத்து. ராஃபிஈ எழுதியதோடு தான் உடன்படாத இடத்தில் 'நான் சொல்கிறேன்' என்று தொடங்கி 'அல்லாஹ்வே நன்கறிந்தவன்' என்று முடிப்பார். அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது நவவியுடையது.

இந்தக் குறியீடு தெரியாமல் படிப்பவருக்குத் தீர்ப்பு மட்டும் கிடைக்கும். யார் சொன்னது, யார் மறுத்தார், ஏன் என்பது எதுவும் கிடைக்காது. அந்த 'யார், ஏன்' முழுவதையும் திரும்பக் கொண்டுவருவதுதான் விரிவுரையின் வேலை. இரண்டு குல்லா என்றால் எவ்வளவு என்பதற்கே நிறைய எழுதியிருக்கிறார்கள். மின்ஹாஜ் 500 பாக்தாத் ராத்தல் என்கிறது (ஏறக்குறைய 200 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்). அந்த ராத்தலின் எடை 130 திர்ஹமா, 128 திர்ஹமும் ஏழில் நான்கு பங்குமா என்பதில் ராஃபிஈயும் நவவியும் ஒத்துப்போகவில்லை.

இனி நான் காட்ட விரும்பும் இடம். மேலே சொன்ன வரிக்குச் சற்று முன்னால் மின்ஹாஜில் அரபியில் இரண்டே சொற்கள் வருகின்றன: "வெயிலில் சூடேறிய நீர் மக்ரூஹ்." அதாவது விரும்பத்தக்கதல்ல. அவ்வளவுதான், காரணமும் இல்லை, நிபந்தனையும் இல்லை.

இந்த இரண்டு சொற்களின் பூர்வீகத்தைத் தேடி முஸனீயின் முக்தஸருக்குப் போனால் அங்கே இமாம் ஷாஃபிஈயின் வாசகம் வேறு மாதிரி இருக்கிறது: மருத்துவக் காரணத்துக்காகவே தவிர, வெயிலில் சூடேறிய நீரை நான் வெறுப்பதில்லை. அந்த நீர் வெண்குஷ்டத்தை உண்டாக்கும் என்று கலீஃபா உமர் சொன்னதாக வரும் செய்தியே அந்தக் காரணம். நாலு நூற்றாண்டுச் சுருக்கத்தில் அந்த 'மருத்துவக் காரணத்துக்காகவே தவிர' என்ற பகுதி உதிர்ந்துபோயிருக்கிறது.

16ஆம் நூற்றாண்டில் மக்காவில் இப்னு ஹஜர் ஹைதமீ மின்ஹாஜுக்கு 'துஹ்ஃபா' என்ற விரிவுரை எழுதினார். எகிப்தில் ஷம்சுத்தீன் ரம்லீ 'நிஹாயா' எழுதினார். இருவரும் உதிர்ந்த காரணத்தை மீண்டும் உள்ளே வைக்கிறார்கள். வைத்ததும் சட்டம் சுருங்குகிறது. பயப்படுவது நோய்க்கு என்றால், நோய் வரக்கூடிய சூழலில் மட்டும்தானே மக்ரூஹ்? அதனால் ஊர் வெப்பமான ஊராக இருக்க வேண்டும். பாத்திரம் செம்பு, இரும்பு போல அடித்து நீட்டக்கூடிய உலோகமாக இருக்க வேண்டும். வெயில் உலோகத்திலிருந்து ஒருவிதப் பிசுக்கைக் கிளப்பி நீரின் மேல் படியச் செய்கிறது, அது தோலில் பட்டால் கெடுதல் என்பது அவர்கள் கணக்கு. மண்பானைக்கு அந்தப் பயம் இல்லை. தங்கமும் வெள்ளியும் தூய்மையானவை என்பதால் அவையும் விலக்கு. நீர் உடலில் பட வேண்டும், சூடு ஆறாத நிலையில் பட வேண்டும். துணி துவைத்தால் பிரச்சினை இல்லை. ஆறவைத்துவிட்டால் மக்ரூஹ் நீங்கிவிடும்.

அப்புறம் மூன்றாவது அடுக்கு, ஹாஷியா எனும் குறிப்புரைகள். இவை விரிவுரையின் சொற்களைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பவை. மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலைக் குளிப்பாட்ட அந்த நீரைப் பயன்படுத்தலாமா? குதிரைக்கும் அந்த நோய் வருமே, அதைக் குளிப்பாட்டினால்? வேறு நீரே இல்லை, தொழுகை நேரமும் போகிறது என்றால்? (அப்போது அதையே பயன்படுத்த வேண்டும், மக்ரூஹ் கிடையாது.) இந்தக் கேள்விகளை வீண் வேலை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு விதிக்குச் சொல்லப்படும் காரணம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று சோதிக்கும் வழி இது. இன்றைய நீதிமன்றத்தில் ஒரு சட்டப்பிரிவை வைத்து வழக்கறிஞர்கள் செய்வதும் இதைத்தான்.

இதில் இன்னொரு திருப்பம் உண்டு. நவவியே தன்னுடைய 'ரவ்ளா' நூலில், ஆதாரத்தை வைத்துப் பார்த்தால் அந்த நீர் மக்ரூஹ் அல்ல, அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று எழுதியிருக்கிறார். ஒரே ஆசிரியர், இரண்டு நூல், இரண்டு முடிவு. அப்படியானால் மத்ஹபின் சட்டம் எது? இப்னு ஹஜரும் ரம்லீயும் நவவியின் சொந்த விருப்பத்தை மேற்கோள் காட்டிவிட்டு, மேலே சொன்ன நிபந்தனைகளோடு மக்ரூஹ் என்பதையே நிலைநிறுத்தினார்கள். பிற்காலத்தில் இவர்கள் இருவரும் ஒத்துப்போகும் முடிவே ஃபத்வாவுக்கு ஏற்றது என்று ஆனதால், இன்றுவரை அதுவே சட்டம். மின்ஹாஜை மட்டும் படிப்பவர் எந்த நிபந்தனையும் இல்லாமல் மக்ரூஹ் என்பார். ரவ்ளாவை மட்டும் படிப்பவர் மக்ரூஹே இல்லை என்பார். இரண்டுமே இன்றைய ஷாஃபிஈ சட்டம் அல்ல. நேராக மூலத்தைப் படித்தால் போதாதா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இந்தக் கோளாறு உண்மையாகவே நடந்தும் இருக்கிறது. டச்சு ஆட்சியில் இருந்த பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், 1882 முதல் 1884 வரை வான் டென் பெர்க் என்பவர் மின்ஹாஜைப் பிரெஞ்சில் பெயர்த்து வெளியிட்டார். 1914-இல் அந்தப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. உஸ்தாத் வாயால் விரிய வேண்டிய நூல், குறியீடுகளின் பின்னணி தெரியாதவர்கள் கையில் சட்டப் புத்தகமாகப் போய்ச் சேர்ந்தது. மனப்பாடத்துக்கான குறிப்பு, சட்டத் தொகுப்பாக வாசிக்கப்பட்டது.

சுருக்கும் வேலையும் மின்ஹாஜோடு நிற்கவில்லை. கெய்ரோவில் ஸகரிய்யா அன்ஸாரீ (இறப்பு 1520) மின்ஹாஜையும் சுருக்கி 'மன்ஹஜ்' ஆக்கினார். சுருக்கியது விளங்காது என்று அவருக்கே தெரிந்ததால் அதற்குத் தானே 'ஃபத்ஹுல் வஹ்ஹாப்' என்ற விரிவுரை எழுதினார். அந்த விரிவுரைக்கு 18ஆம் நூற்றாண்டில் ஜமல், புஜைரிமீ ஆகியோர் குறிப்புரை எழுதினார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு கிளை இருக்கிறது. கேரளத்துப் பொன்னானியைச் சேர்ந்த ஸைனுத்தீன் மக்தூம், இப்னு ஹஜரின் மாணவர். 'குர்ரத்துல் ஐன்' என்ற சிறு நூலை எழுதி, 16ஆம் நூற்றாண்டில் அதற்கு அவரே எழுதிய விரிவுரைதான் 'ஃபத்ஹுல் முஈன்'. அதில் துஹ்ஃபாவின் சாயல் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். முன்னூறு ஆண்டுகள் கழித்து, 19ஆம் நூற்றாண்டில் மக்காவில் ஸய்யித் பக்ரீ அதற்கு 'இஆனத்துத் தாலிபீன்' என்று நான்கு பாகத்தில் குறிப்புரை எழுதினார். மலபார் நூலுக்கு மக்காவில் எழுதிய குறிப்புரையை இன்று கேரளத்தில் தர்ஸு எனும் பள்ளிவாசல் பாடசாலைகளில் புரட்டுகிறார்கள்.

அடுக்குகளைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால், ஷர்வானீ, இப்னு காஸிம் இருவரின் குறிப்புரைகளோடு அச்சான துஹ்ஃபாவை எடுங்கள். விரிவுரைக்குள்ளே அடைப்புக்குறிகளில் இருப்பது நவவி. அடைப்புக்குறிகளை மட்டும் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தாலும் வாக்கியம் முறியாமல் ஓடும்படி இப்னு ஹஜர் தன் சொற்களைக் கோத்திருப்பார். பக்கத்தில் விரிவுரைக்கு வெளியே இருப்பவை குறிப்புரைகள். குறிப்புரைகளுக்குள் தனி எழுத்துகள் வரும்: 'மீம் ரா' என்றால் முஹம்மத் ரம்லீ, 'ஐன் ஷீன்' என்றால் அலீ ஷப்ராமல்லிஸீ, 'ஸீன் மீம்' என்றால் இப்னு காஸிம். முதலில் இந்த எழுத்துகளை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வெயில் நீர் வரும் பக்கத்தைத் திறந்து, அடைப்புக்குள் இருக்கும் இரண்டு சொற்களிலிருந்து தொடங்குங்கள்.