சனிக்கிழமை ஆனால் கை நிற்பதில்லை

"திங்கள் முதல் வெள்ளி வரை சோறு, இனிப்பு, மிக்சர் எதையும் தொடுவதில்லை. சனிக்கிழமை ஒரு வாய் பிரியாணி உள்ளே போனதும், சரி, எல்லாம் போச்சு என்று ஞாயிறு ராத்திரி வரை தின்கிறேன்."

கோளாறு சனிக்கிழமையில் இல்லைங்க, திங்கட்கிழமையில் இருக்கு. 1975-ல் ஹெர்மன், மேக் என்ற இருவர் செய்த சோதனையில், உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் முதலில் மில்க்‌ஷேக் குடித்துவிட்டால் அதற்கப்புறம் ஐஸ்கிரீமைக் குறைக்கவில்லை, கூடுதலாகவே சாப்பிட்டார்கள். உங்கள் "எல்லாம் போச்சு" அதேதான்.

நானும் அப்படித்தான் இருந்தேன். மாற்றியது இவ்வளவுதான்: தினமும் மதியம் ஒரு கப் சோறு, வாரத்தில் இரண்டு நாள் மிக்சர், அதுவும் டப்பாவோடு அல்ல, சின்னக் கிண்ணத்தில் போட்டு மூடியை மூடிவிட்டு. சனிக்கிழமை இரவு பிரியாணி என்றால் மதியச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள், பட்டினியோடு போய் உட்கார்ந்தால் எந்த விதியும் நிற்காது. அளவு மீறினாலும் ஞாயிறு காலை வழக்கமான நேரத்துக்கு வழக்கமான இட்லி. ஈடுகட்டப் பட்டினி கிடந்தால் அதே சுற்றுதான் மறுபடி.

ராத்திரி பத்து மணிக்குக் கை டப்பாவுக்குப் போனால், இப்போது ஆறிப்போன இட்லி கொடுத்தால் சாப்பிடுவேனா என்று கேட்டுக்கொள்வேன். சாப்பிடுவேன் என்றால் பசி. இல்லையென்றால் பெரும்பாலும் அன்றைக்கு அலுவலகத்தில் வாங்கிய திட்டு. பத்து நிமிடம் மொட்டைமாடியில் நடந்துவிட்டு வந்தும் வேண்டும் போலிருந்தால் ஒரு கிண்ணம் எடுத்துக்கொள்வேன், தடையில்லை.

ஆனால் மறைத்துச் சாப்பிடுவது, சாப்பிட்டு வாந்தி எடுப்பது, நிறுத்தவே முடியாமல் வாராவாரம் மூன்று மாதமாக நடப்பது என்றால் இதெல்லாம் போதாது, மனநல மருத்துவரைப் பாருங்கள்.