பீஸ் ரேட்டா, மணிக் கூலியா? சேலத்துல ஒரு வாரக் கணக்கு

கேள்வி: சேலத்துல ஒரு நைட்டி யூனிட்ல டெய்லரா சேரப் போறேன். பீஸ் ரேட் வேணுமா, மணிக் கணக்குல ஷிப்ட் சம்பளம் வேணுமான்னு கேக்கறாங்க. ஒரு வாரத்துக்கு எதுல அதிகம் கைக்கு வரும்?

ஒரே மாடல் வாரம் முழுக்க ஓடுற யூனிட்னா பீஸ் ரேட். மாடல் அடிக்கடி மாறுற யூனிட்னா ஷிப்ட். இதை நான் நோட்டுல எழுதிப் பார்த்த பிறகுதான் தெரிஞ்சுக்கிட்டேன். அதுவரைக்கும் பீஸ் ரேட்தான் லாபம்னு அடிச்சு சொல்லிட்டு இருந்தவ நான்.

தாதகாப்பட்டி பக்கம் 14 மெஷின் இருக்கற ஒரு சின்ன யூனிட்ல வேலை. எனக்கு பீஸ் ரேட். பக்கத்து மெஷின்ல கொண்டலாம்பட்டியில இருந்து வர்ற ஒரு அக்கா, அவங்களுக்கு ஷிப்ட். 8 மணி நேரத்துக்கு 480, அதாவது மணிக்கு 60 ரூபாய். எனக்கு சாதா நைட்டி ஒண்ணுக்கு 15. அப்போ மணிக்கு 4 நைட்டி தைச்சா ரெண்டு பேருக்கும் சமம். நான் 5 தைப்பேன். அதனால 75 ரூபாய்க்காரின்னு எனக்கு ஒரு நினைப்பு.

அந்த வாரம் திங்கக்கிழமை பண்டில் எல்லாம் வெட்டி ரெடியா இருந்தது. 40 நைட்டி, 600 ரூபாய். செவ்வாய் 38, 570 ரூபாய். அக்காவைத் திரும்பிப் பார்த்து சிரிச்சது ஞாபகம் இருக்கு.

புதன்கிழமை மாடல் மாறிடுச்சு. முன்னாடி ஜிப், கீழ ஃபிரில். ரேட் 22. கட்டிங் மாஸ்டர் துணியை இறக்கும்போது மணி 11.45. அதுக்கப்புறம் மெரூன் நூலை எடுத்துட்டு மஞ்சள் நூல் கோர்க்கணும், பாபின் சுத்தணும், ஜிப் தைக்கற ஒத்தைப் பக்க ஃபுட்டை மாட்டணும். முதல் பீஸ்லயே ஜிப் தலையில ஊசி பட்டு ஒடிஞ்சது. அந்த இடம் வர்றப்போ ஊசியைத் துணியில இறக்கி வச்சு, ஃபுட்டைத் தூக்கி, ஜிப் தலையைத் தையல் தாண்டிக் கீழ இழுத்து விட்டுட்டுத்தான் மேல தைக்கணும். கைக்கு அது பழகற வரைக்கும் வேகம் வராது. சாயங்காலம் எண்ணினா 9 பீஸ். 198 ரூபாய். அக்காவுக்கு அன்னைக்கும் 480. சும்மா உட்கார விட்டாங்கன்னு நினைக்காதீங்க, துணி வர்ற வரைக்கும் அவங்களை நூல் பிசிறு வெட்ட வச்சாங்க.

வியாழன் 20 பீஸ், 440. வெள்ளிக்கிழமை மின்வாரியத்தோட மாதாந்திர பராமரிப்பு, 9ல இருந்து 2 வரைக்கும் கரண்ட் கிடையாது. 2 மணிக்கு வாங்கன்னு எல்லாருக்கும் சொல்லிட்டாங்க. ராத்திரி 8 வரைக்கும் உட்கார்ந்து 15 பீஸ், 330. அக்காவுக்கு 6 மணி நேரத்துக்கு 360.

சனிக்கிழமை காலையில செக்கிங்ல இருந்து 11 நைட்டி ஆல்டர் வந்தது. எல்லாம் திங்கள், செவ்வாய்ல நான் தைச்சது. கழுத்துப் பைப்பிங் மேல பார்த்தா அழகா இருக்கும். உள்ளே திருப்பினா ஒரு விரல் நீளத்துக்கு அடி மடிப்பைத் தையல் பிடிக்கவே இல்லை. அவசரத்துல வர்ற தப்பு, என் தப்புதான். பிரிச்சு திருப்பித் தைக்க ஒண்ணரை மணி நேரம் போச்சு, அதுக்குக் காசு கிடையாது. மிச்ச ஆறரை மணி நேரத்துல 18 பீஸ், 396.

ஆக மொத்தம் 46 மணி நேரத்துக்கு எனக்கு 2,534 ரூபாய். மணிக்கு 55. அதே 46 மணி நேரத்துக்கு அக்காவுக்கு 2,760. 226 ரூபாய் எனக்குக் குறைச்சல், முதுகு வலி எனக்குத்தான் ஜாஸ்தி.

நம்மள்ல நிறைய பேர் ஏமாறுற இடம் இதுதான். மெஷின் ஓடின நேரத்தை மட்டும் வச்சு கணக்குப் போடறோம். துணிக்குக் காத்திருந்தது, ஆல்டர் பிரிச்சது எல்லாம் கணக்குலயே வர்றதில்லை. யூனிட் வாசல்ல நுழைஞ்சதுல இருந்து வெளிய வர்ற வரைக்கும் உள்ள நேரத்தை (சாப்பாடு, டீ கழிச்சு) போட்டு, சனிக்கிழமை வாங்கின கூலியை அதால வகுங்க. வர்றதுதான் உங்க மணிக் கூலி.

இன்னொண்ணும் நோட்டுல தெரிஞ்சது. சனிக்கிழமை கை நல்லா பழகிடுச்சு, ஒரு பீஸுக்கு 22 நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. அப்பவும் மணிக்கு 61தான் வருது. சாதா நைட்டியில திங்கள், செவ்வாய் சராசரி 73. அப்படின்னா வேகம் குறைஞ்சது மட்டும் காரணம் இல்லை, 22ங்கற ரேட்டே கம்மி. புது மாடலுக்கு முதல் நாள் சண்டை போட்டா, "பழகினா வேகம் வந்துரும்"னு வாயை அடைச்சிருவாங்க. மூணாவது நாலாவது நாள் அஞ்சு பீஸுக்கு நேரம் பார்த்து வச்சுட்டு பேசுங்க. நான் 26 கேட்டேன், 24க்கு இறங்கி வந்தாங்க. அடுத்த வாரம் அதே மாடல் 48 மணி நேரம் ஓடினதுல 134 பீஸ், 3,216 ரூபாய். அக்காவுக்கு 2,880. தீபாவளிக்கு முன்னாடி ஒரே ஆர்டர் வாரக்கணக்குல ஓடும், அப்பல்லாம் பீஸ் ரேட்காரங்க காட்டுலதான் மழை.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. தையல் தொழிலுக்குத் தமிழ்நாட்டுல குறைந்தபட்சக் கூலி உண்டு. பீஸ் ரேட்டுன்னு அரசாங்கம் தனியா நிர்ணயிக்காத வேலைன்னா, நேரத்துக்கு நிர்ணயிச்ச கூலிக்குக் கீழ பீஸ் ரேட்காரங்களுக்கும் கொடுக்கக் கூடாது. 1948 சட்டத்துலயே இருந்தது, அதுக்குப் பதிலா வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்புலயும் இருக்கு. வேலைக்கு வந்து தயாரா உட்கார்ந்திருக்க, வேலை தராம விட்டது முதலாளின்னா, அந்த நாள் கூலியைப் பிடிக்க முடியாது. என் புதன்கிழமை 198 அப்படிப்பட்ட நாள். ஆனா வந்த நேரமும் போன நேரமும் எங்கேயாவது எழுதியிருந்தாதான் இதைக் கேக்கவே முடியும். பல யூனிட்ல பீஸ் ரேட்காரங்களுக்கு பீஸ் எண்ணிக்கை மட்டும்தான் எழுதறாங்க. அதனால நீங்களே ஒரு நோட்டு போட்டுக்கோங்க.

சேரும்போது ரெண்டுல ஒண்ணைத்தான் எடுக்கணும்னு இல்லை, மூணாவதா ஒண்ணு கேட்டுப் பாருங்க. மாடல் மாறுற முதல் நாள் மட்டும் ஷிப்ட் கூலி, மறுநாள்ல இருந்து பீஸ் ரேட். நாங்க நாலு பேர் சேர்ந்து கேட்டு வாங்கினோம். அந்த வாரமே இது இருந்திருந்தா புதன்கிழமை 198க்குப் பதிலா 480 வந்து, மொத்தம் 2,816 ஆகியிருக்கும். அக்காவை விட 56 ரூபாய் கூட.