குத்தகை இயந்திரத்துக்குக் கணக்கு எழுதுவது எப்படி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியவை. இயந்திரத்தை வாங்காமல் லீஸுக்கு எடுத்திருக்கிறார்கள். லீஸுக்கான கணக்கியல் தரநிலை இண்ட் ஏஎஸ் 116 தங்களுக்குப் பொருந்துகிறது, ஆனால் பதிவு எங்கே தொடங்குவது என்று பிடிபடவில்லை. எல்லாப் பதிலுக்கும் ஒரே இயந்திரத்தின் எண்களையே பயன்படுத்துகிறேன். ஒரு தாளில் குறித்துக்கொண்டே படித்தால் எளிதாக இருக்கும்.

கேள்வி: சிஎன்சி இயந்திரம் ஒன்றை 3 ஆண்டு லீஸுக்கு எடுத்திருக்கிறோம். ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் ரூ.10 லட்சம் வாடகை. இதுவரை வாடகையைச் செலவில் எழுதிப் பழகிவிட்டோம். இப்போது சொத்து என்றும் பொறுப்பு என்றும் காட்டச் சொல்கிறார்கள். முதல் பதிவு என்ன? (கோவை வாசகர்)

முதலில் பதிவை மறந்துவிட்டு அட்டவணையைப் போடுங்கள். அட்டவணை சரியாக இருந்தால் பதிவுகள் தாமாக வந்து விழும்.

3 ஆண்டில் கொடுக்கப்போவது ரூ.30 லட்சம். ஆனால் இன்றைய தேதியில் உங்கள் கடன் 30 லட்சம் அல்ல. அதில் வட்டியும் கலந்திருக்கிறது. வட்டியைக் கழித்துப் பார்க்க ஒரு விகிதம் வேண்டும். லீஸிலேயே உள்ளடங்கிய விகிதம் தெரிந்தால் அதை எடுக்க வேண்டும். அதைக் கணக்கிட, இயந்திரம் திரும்பி வரும்போது என்ன விலை போகும் என்று குத்தகைக்கு விட்டவர் போட்டிருக்கும் கணிப்பு தேவை. அதை அவர் உங்களிடம் சொல்லமாட்டார். ஆகவே நடைமுறையில், இதே மதிப்புள்ள சொத்துக்காக, இதே காலத்துக்கு, இதே போன்ற ஈட்டின் பேரில் நீங்கள் கடன் வாங்கியிருந்தால் என்ன வட்டி கொடுத்திருப்பீர்கள் என்பதே விகிதம். நடைமுறை மூலதனக் கடனின் வட்டியை அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள். காலமும் ஈடும் அதில் வேறு.

அந்த விகிதம் 10% என்று வைத்துக்கொள்வோம். மூன்று தவணைகளின் இன்றைய மதிப்பு 9,09,091 + 8,26,446 + 7,51,315 = ரூ.24,86,852. தொடக்க நாள் பதிவு:

பயன்பாட்டு உரிமைச் சொத்து க/கு பற்று 24,86,852
குத்தகைப் பொறுப்பு க/கு வரவு 24,86,852

லீஸை முடிக்கத் தரகு போன்ற நேரடிச் செலவு ஏதும் செய்திருந்தால் அது சொத்தில் மட்டும் சேரும், பொறுப்பில் சேராது. திருப்பித் தரும்போது இயந்திரத்தைக் கழற்றி, தளத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் கடமை ஒப்பந்தத்தில் இருந்தால் அதன் மதிப்பும் சொத்தில் சேரும். ஆனால் அதற்கான ஒதுக்கீடு தனிக் கணக்கில் நிற்க வேண்டும்.

முதல் ஆண்டு முடிவில் வட்டி 24,86,852-க்கு 10%, அதாவது 2,48,685. கொடுத்த 10 லட்சத்தில் வட்டி போக மீதி 7,51,315 அசலைக் குறைக்கிறது. பொறுப்பு 17,35,537-க்கு இறங்குகிறது. இரண்டாம் ஆண்டு வட்டி 1,73,554, மூன்றாம் ஆண்டு 90,909. கடைசித் தவணையோடு பொறுப்பு சுழியாக வேண்டும். ஆகவில்லையென்றால் அட்டவணையில் பிழை.

தேய்மானம் தனி. இயந்திரம் 3 ஆண்டு கழித்துத் திரும்பிப் போகிறது என்பதால் 24,86,852-ஐ மூன்றாகப் பிரித்து ஆண்டுக்கு 8,28,951. லீஸ் முடிவில் இயந்திரம் உங்களுக்கே சொந்தமாகிறது என்றாலோ, வாங்கிக்கொள்ளும் வாய்ப்பை நீங்கள் பயன்படுத்துவது ஏறக்குறைய உறுதி என்றாலோ, இயந்திரத்தின் முழுப் பயன்காலத்துக்கும் தேய்மானத்தைப் பரப்ப வேண்டும்.

முதல் ஆண்டு லாப நட்டக் கணக்கில் வட்டியும் தேய்மானமும் சேர்ந்து 10,77,636. கொடுத்த வாடகையைவிட 77,636 கூடுதல். நிர்வாகம் திகைத்துப்போய்க் கேட்கும். மூன்றாம் ஆண்டில் அது 9,19,859-ஆக இறங்கிவிடும், மூன்றாண்டின் கூட்டுத்தொகை சரியாக 30 லட்சம்தான் என்று அட்டவணையைக் காட்டுங்கள். இன்னொரு சோதனையும் இதிலேயே இருக்கிறது. முதல் ஆண்டு முடிவில் சொத்து 16,57,901, பொறுப்பு 17,35,537. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் அதே 77,636. ஆண்டு முடிவில் நான் முதலில் பார்ப்பது இந்த ஒற்றை எண்ணைத்தான்.

கேள்வி: குத்தகைக்கு விட்டவர் அனுப்பும் பில்லில் 18% ஜிஎஸ்டி சேர்ந்து ரூ.11,80,000 வருகிறது. டிடிஎஸ்ஸும் பிடிக்கிறோம். அட்டவணையை எந்தத் தொகையில் போடுவது? (ஓசூர் வாசகர்)

10 லட்சத்தில்தான். உள்ளீட்டு வரியாக நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஜிஎஸ்டி லீஸின் விலை அல்ல, குத்தகைக்கு விட்டவர் அரசுக்காக வசூலித்துத் தருவது. ஒரு நிறுவனத்தின் கோப்பில் 11,80,000-ஐ வைத்தே இன்றைய மதிப்பு கண்டு அட்டவணை போட்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இதே எண்களில் சொன்னால் சொத்தும் பொறுப்பும் தலா 4,47,633 ஊதிப்போயிருக்கும். ஒவ்வொரு ஆண்டும் உள்ளீட்டு வரியை எந்தக் கணக்கில் கழிப்பது என்று குழம்பியபோதுதான் அங்கே பிழை வெளிப்பட்டது. உங்கள் குத்தகைப் பொறுப்பு சுழியில் முடியாமல் இழுத்துக்கொண்டே போனால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

இயந்திர வாடகைக்கு டிடிஎஸ் 2%. பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருப்பதால் அது 10 லட்சத்தின் மீதுதான். முதல் தவணை நாளில் இரண்டு பதிவுகள். முதலில் வட்டி:

வட்டிச் செலவு க/கு பற்று 2,48,685
குத்தகைப் பொறுப்பு க/கு வரவு 2,48,685

பிறகு பணம் கொடுத்தது:

குத்தகைப் பொறுப்பு க/கு பற்று 10,00,000
உள்ளீட்டு ஜிஎஸ்டி க/கு பற்று 1,80,000
செலுத்த வேண்டிய டிடிஎஸ் க/கு வரவு 20,000
வங்கி க/கு வரவு 11,60,000

தவணை ஆண்டு முடிவில்தானே என்று வட்டியைத் தவணை நாள் வரை தள்ளிப்போடக் கூடாது. லீஸ் அக்டோபர் 1-இல் தொடங்கியிருந்தால், மார்ச் 31-இல் பணம் எதுவும் கைமாறாவிட்டாலும், ஆறு மாத வட்டியும் ஆறு மாதத் தேய்மானமும் ஏட்டில் ஏறியிருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஒப்பந்தத்தில் முதல் வாடகையை இயந்திரம் வந்த அன்றே கொடுத்துவிட்டோம். வட்டியில்லாத டெபாசிட்டும் ரூ.3 லட்சம் கொடுத்திருக்கிறோம். மூன்றாண்டு கழித்துத் திரும்பக் கிடைக்கும். இவை எங்கே போகும்? (சென்னை வாசகர்)

பொறுப்பு என்பது இனிமேல் கொடுக்க வேண்டியது மட்டும். அன்றே கொடுத்த 10 லட்சம் அதில் இருக்க முடியாது. மீதமுள்ள இரண்டு தவணைகளின் இன்றைய மதிப்பு 17,35,537 தான் பொறுப்பு. சொத்து மட்டும் 10 லட்சத்தையும் சேர்த்து 27,35,537. மூன்று தவணையையும் பொறுப்பில் வைத்து, முதல் தவணையை அடுத்த நாள் கழிப்பவர்கள் உண்டு. அன்றே கழித்தால் தொகை மாறாது. ஆனால் கணினியில் அட்டவணையைத் தானாக ஓடவிடும்போது முதல் தவணைக்கும் ஒரு ஆண்டு வட்டி ஏறிவிடும். எக்செல்லில் `PV` சார்பைப் பயன்படுத்துபவர்கள் கடைசி இடத்தைக் காலியாக விட்டால் தவணை ஆண்டு இறுதியில் வருவதாகவே எடுத்துக்கொள்ளும். முன்பணத் தவணைக்கு அங்கே 1 போட வேண்டும்:

```
=PV(10%,3,-1000000,0,1)
```

இது தருவது 27,35,537, அதாவது முதல் தவணையும் சேர்ந்த தொகை. பொறுப்பு வேண்டுமென்றால் அதிலிருந்து 10 லட்சத்தைக் கழியுங்கள்.

டெபாசிட்டின் கணக்கு லீஸ் தரநிலையில் இல்லை, நிதிக் கருவிகளுக்கான இண்ட் ஏஎஸ் 109-இல் இருக்கிறது. வட்டியில்லாமல் மூன்றாண்டு கழித்து வரும் 3 லட்சம் இன்று 3 லட்சம் பெறாது. குத்தகைக்கு விட்டவரைப் போன்ற ஒருவருக்குக் கடன் கொடுத்தால் சந்தையில் கிடைக்கும் வட்டியும் 10% என்றால் அதன் மதிப்பு 2,25,394. மீதி 74,606 உண்மையில் நீங்கள் முன்கூட்டிக் கொடுத்த வாடகை. அதனால் சொத்தில் சேர்கிறது:

டெபாசிட் க/கு பற்று 2,25,394
பயன்பாட்டு உரிமைச் சொத்து க/கு பற்று 74,606
வங்கி க/கு வரவு 3,00,000

பின்னர் ஆண்டுதோறும் டெபாசிட் மீது வட்டி வருமானம் எழுதி, முதல் ஆண்டில் 22,539 என்று ஏற்றிக்கொண்டே போனால், திரும்ப வாங்கும் நாளில் டெபாசிட் கணக்கு சரியாக 3 லட்சத்தில் நிற்கும்.

கேள்வி: நிட்டிங் மெஷின்களுக்கு 11 மாத ஒப்பந்தம்தான் போடுகிறோம். நான்கு முறை புதுப்பித்தாகிவிட்டது. 12 மாதத்துக்குள் என்பதால் செலவில் எழுதினால் போதுமா? (திருப்பூர் வாசகர்)

12 மாதமோ அதற்குக் குறைவோ ஆன, வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு இல்லாத லீஸுக்கு விலக்கு உண்டு. வாடகையைச் செலவிலேயே எழுதலாம். ஆனால் காலத்தை அளப்பது ஒப்பந்தத்தின் தலைப்பில் உள்ள தேதிகளை வைத்து மட்டுமல்ல. புதுப்பிக்கும் உரிமை உங்களிடம் இருந்து, நீங்கள் புதுப்பிப்பது ஏறக்குறைய உறுதியென்றால் அந்தக் காலமும் சேரும்.

ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். 11 மாதம் முடிந்ததும் இருவரும் யாருடைய சம்மதமும் இல்லாமல், பெரிய இழப்பும் இல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்றால் விலக்கு நிற்கும். பெரிய இழப்பு என்பது ஒப்பந்தத்தில் எழுதிய அபராதத் தொகை மட்டுமல்ல. மெஷினுக்காகவே தளம் போட்டு, மின் இணைப்பு இழுத்து, அதைக் கழற்றினால் ஆர்டர் தவறிப்போகும் என்றால் அதுவும் இழப்புதான். நீங்கள் நான்கு முறை புதுப்பித்ததும் ஒரு சாட்சி. தணிக்கையாளர் அதைத்தான் முதலில் கேட்பார். ஷெட்டில் மூலையில் நிற்கும், நாளைக்கே லாரியில் ஏற்றி அனுப்பக்கூடிய மெஷினும், தளத்தில் போல்ட் போட்டு இறுக்கிய மெஷினும் ஒரே 11 மாத ஒப்பந்தத்தில் இருந்தாலும் இரண்டின் லீஸ் காலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஏன் இப்படி முடிவெடுத்தீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கோப்பில் வையுங்கள்.

கேள்வி: முதல் ஆண்டு முடிந்ததும், ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு ஆண்டை அதே வாடகைக்குக் கூட்டிக் கேட்டு வாங்கினோம். புது லீஸாக எழுதுவதா? (கோவை வாசகர், மீண்டும்)

இல்லை. புதிதாக இயந்திரம் எதுவும் சேரவில்லை, அதே இயந்திரத்தின் காலம்தான் நீண்டிருக்கிறது. எனவே இது பழைய லீஸின் மாற்றம். மாற்றம் நடைமுறைக்கு வந்த நாளில் பொறுப்பை மறுபடி அளக்க வேண்டும், அதுவும் அன்றைய விகிதத்தில். அன்று உங்கள் விகிதம் 9% என்றால், மீதமுள்ள மூன்று தவணைகளின் மதிப்பு 25,31,295. ஏட்டில் உள்ள பொறுப்பு 17,35,537. வித்தியாசம் 7,95,758:

பயன்பாட்டு உரிமைச் சொத்து க/கு பற்று 7,95,758
குத்தகைப் பொறுப்பு க/கு வரவு 7,95,758

லாப நட்டக் கணக்கைத் தொட வேண்டாம். சொத்து 24,53,659-ஆகிறது. அதை மூன்றாண்டுக்குப் பிரித்து ஆண்டுக்கு 8,17,886 தேய்மானம். பலரும் பழைய 10%-ஐயே வைத்து அளந்துவிடுகிறார்கள். அது தவறு.

கேள்வி: முதல் ஆண்டு முடிவில் நிற்கும் 17,35,537-இல் நடப்புப் பொறுப்பு எவ்வளவு? அடுத்த ஆண்டு தரப்போகும் 10 லட்சமா? (மதுரை வாசகர்)

10 லட்சத்தில் 1,73,554 இன்னும் பிறக்காத வட்டி. அது இன்றைய கடனில் இல்லை. அடுத்த ஆண்டு முடிவில் அட்டவணையில் நிற்கும் 9,09,091 நடப்பல்லாத பொறுப்பு. மீதி 8,26,446 நடப்பு. இருப்புநிலைக் குறிப்பில் இரண்டையும் கடன்களோடு கலக்காமல், குத்தகைப் பொறுப்பு என்றே தனி வரியில் காட்டுங்கள்.